சராசரி வயது குறைந்தது, பிழைகள் கூடின

ஒரே மென்பொருள் குழுவுக்கு அடுத்து வரக்கூடிய இரண்டு விதமான வாரங்களை நினைத்துப் பாருங்கள். முதல் விதத்தில், அண்மையில் வந்த ஆறு பிழைகளையும் குழு சரிசெய்துவிடுகிறது. புதிதாக ஒன்றும் வரவில்லை. இரண்டாவது விதத்தில், குழு ஒரு பிழையைக்கூடத் தொடவில்லை. போதாததற்குப் பன்னிரண்டு புதுப் பிழைகள் வந்து சேர்கின்றன. திங்கட்கிழமை அறிக்கையில் ‘திறந்திருக்கும் பிழைகளின் சராசரி வயது’ என்று ஓர் எண் இருக்கும். நன்றாக உழைத்த வாரத்தில் அது 103 நாளிலிருந்து 144 நாளாக ஏறுகிறது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வாரத்தில் 103-லிருந்து 75-க்கு இறங்குகிறது.

கணக்கில் தப்பில்லை. இளைஞர்கள் எல்லாம் வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்ட ஊரின் சராசரி வயது ஏறத்தான் செய்யும். யாருக்கும் திடீரென்று மூப்பு வந்துவிடவில்லை. அதே ஊரில் ஒரே மாதத்தில் பத்துப் பிரசவம் நடந்தால் சராசரி இறங்கும். அதனால் பெரியவர் யாருடைய முட்டிவலியும் போய்விடாது. பிழைகளின் கணக்கும் இப்படித்தான். ஆனாலும் பல அலுவலகங்களில் அந்த ஒற்றை எண்தான் சுவரில் தொங்கும் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மென்பொருள் எழுதும் இடங்களில் பிழைக்கு ‘பக்’ என்று பெயர். வாடிக்கையாளரோ சோதனை செய்பவரோ ஒரு பக்கைக் கண்டால் அதை டிராக்கர் என்ற பதிவேட்டில் ஏற்றுவார்கள். டூவீலர் மெக்கானிக் கடையின் நோட்டில் வண்டி எண், என்ன கோளாறு, எப்போது வந்தது, யார் பார்க்கிறார் என்று எழுதுவதுபோலத்தான். மொசில்லா குழு 1998-இல் வெளியிட்ட பக்ஸில்லா இவ்வகையில் பழையது. இன்று நிறுவனங்களில் அதிகம் காணக்கிடைப்பது ஜிரா. அந்த நோட்டை எக்ஸெல்லில் திறக்கக்கூடிய கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு பக்குக்கு ஒரு வரி. அந்த வரிகளைச் சுருக்கி, ‘எது எவ்வளவு நாளாகக் கிடக்கிறது, எது எவ்வளவு ஆபத்தானது’ என்று ஒரு பக்கத்தில் சொல்வது டீம் லீடின் வேலை.

உதாரணத்துக்கு ஒரு குழுவை எடுத்துக்கொள்கிறேன். மருந்துக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிற சிறிய குழு. குழு நான் புனைந்ததுதான். ஆனால் எண்களைப் பென்சில் பிடித்துச் சரிபார்க்கலாம். டீம் லீடாக இருக்கும் பெண் 2025 ஜூன் 2, திங்கட்கிழமை காலை இந்தக் கேள்வியைக் கொடுத்துக் கோப்பை இறக்குகிறார்:

```
issuetype = Bug AND resolution = Unresolved ORDER BY created ASC
```

‘பக் வகையைச் சேர்ந்தவை, இன்னும் தீர்வு பதியாதவை, பழையது முதலில்’ என்று பொருள். 28 வரிகள் வந்தன. அவர் உடனே கணக்குப் போட உட்காரவில்லை. முதலில் வரிகளைக் கண்ணால் மேய்ந்தார். நான்கு வரிகளில் நிலை `Done` என்று இருந்தது. வேலை முடிந்த பக் திறந்த பட்டியலில் ஏன் வருகிறது? ஜிராவில் நிலை ஒரு கட்டம், `Resolution` என்ற தீர்வு வேறொரு கட்டம். நிலையை ‘முடிந்தது’ என்று நகர்த்தும்போது தீர்வுக் கட்டமும் சேர்ந்து நிரம்பும்படி அமைக்காவிட்டால், வேலை முடிந்த பிறகும் அந்த பக் தீராத பக்காகவே எண்ணப்படும். சம்பந்தி வீட்டில் சாப்பாடு முடிந்த பிறகும் இலை எடுக்காததுபோல. நான்கையும் கழித்தால் 24.

அடுத்து தேதி. இந்த வேலையில் அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். ஜிரா பொதுவாக மாதத்தை எழுத்திலேயே, `02/Jun/25` என்பதுபோலத் தரும். அதில் குழப்பம் குறைவு. வேறு டிராக்கரிலிருந்தோ, யாரோ இடையில் திறந்து சேமித்த கோப்பிலிருந்தோ `02/06/2025` என்று வந்தால்தான் வில்லங்கம். நமக்கு அது ஜூன் 2. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினிக்கு பிப்ரவரி 6. இன்று காலை பதிவான பக் ஒரு நொடியில் 116 நாள் கிழடாகிவிடும். மார்ச் 6-இல் பதிவானது `06/03/2025`. கணினி அதை ஜூன் 3 என்று படிக்கும். நாளைக்குத்தான் பிறக்கப்போகிற பக்! வயது மைனஸ் ஒன்று. மே 25-இல் பதிவானதைக் கணினியால் தேதியாகப் படிக்கவே முடியாது, ஏனென்றால் 25-ஆவது மாதம் கிடையாது. அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வயதுப் பத்தியில் மைனஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். தேதிப் பத்தியில் சில வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நிற்கின்றனவா என்று பாருங்கள். எக்ஸெல் தேதியை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் தள்ளும். ஒரே பத்தியில் இரண்டும் தெரிந்தால் அந்தக் கோப்பை நம்பி ஒரு வயதும் கணக்கிடக்கூடாது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் தாத்தாக்கள் தலைமுறையில் பலருக்குச் சான்றிதழில் பிறந்தநாள் ஜூன் மாதத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் வாத்தியார் குத்துமதிப்பாக எழுதியது. பக்குகளுக்கும் இப்படி நேர்வதுண்டு. பழைய டிராக்கரை விட்டுப் புதியதற்கு மாறும்போது, பதிவான தேதியைக் கவனமாகக் கொண்டுவராவிட்டால், எல்லாப் பழைய பக்குகளும் குடிமாறிய அன்றே பிறந்தவை ஆகிவிடும். `Created` பத்தியில் ஒரே தேதி நாற்பது தடவை வந்தால் அன்று மென்பொருள் இடிந்து விழவில்லை; வாத்தியார் பேனாவை எடுத்திருக்கிறார். வரிகள் சரியாக 1000 என்று வந்தாலும் சந்தேகப்படுங்கள். அது பெரும்பாலும் பதிவிறக்க வரம்பு வெட்டிய இடமே தவிர, பக்குகள் முடிந்த இடமில்லை.

வயதுக்கான சூத்திரம் எளிது. `Created` தேதி C பத்தியில் இருக்கிறது என்றால்:

```
=DATE(2025,6,2)-INT(C2)
```

இதற்குப் பதிலாக ‘இன்று’ என்று பொருள்படும் `TODAY()`-ஐப் போடுகிறவர்கள் அதிகம். அந்தக் கோப்பைத் திங்களன்று அனுப்பினால், வெள்ளிக்கிழமை திறக்கிறவருக்கு நான்கு நாள் கூடின வேறு எண்கள் தெரியும். பிறகு கூட்டத்தில் ஆளுக்கொரு எண்ணை வைத்துக்கொண்டு சண்டை. இறக்கிய தேதியையே எழுதிவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இனி கடுமை. அலுவலகப் பேச்சில் ‘சிவியாரிட்டி’. இதையும் ‘பிரையாரிட்டி’ எனப்படும் அவசரத்தையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் மென்பொருள்காரர்களிலேயே உண்டு. பக் செய்யும் சேதம் எவ்வளவு என்பது கடுமை. அதை எப்போது கையில் எடுப்போம் என்பது அவசரம். பில்லின் உச்சியில் கடைப் பெயர் தப்பும் தவறுமாக அச்சாகிறது என்றால் சேதம் ஒன்றுமில்லை. ஆனால் நாளைக்குக் கடைத் திறப்பு விழா என்றால் இன்றிரவே மாற்ற வேண்டும். நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் தேதியில் ஸ்டாக் கணக்கு அழிந்துபோகும் என்றால் கடுமை உச்சம், அவசரம் கிடையாது. ஜிராவில் தொடக்கத்திலேயே இருப்பது `Priority` என்ற கட்டம்தான்; கடுமைக்கு நாமே தனிக் கட்டம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அப்படி உண்டாக்காத குழுக்கள் அவசரத்தையே கடுமை என்று அறிக்கையில் எழுதிவிடுகின்றன. நம் குழு உண்டாக்கியிருந்தது: மிகக் கடுமை, பெரிது, சிறிது, அற்பம் என்று நான்கு படிகள்.

24 பக்குகளையும் கடுமை வரிசையாகவும் வயது பத்தியாகவும் பிரித்தால் இப்படி நிற்கின்றன:

| கடுமை | 0–7 நாள் | 8–30 | 31–90 | 90-க்கு மேல் | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| மிகக் கடுமை | 1 | 0 | 0 | 1 | 2 |
| பெரிது | 2 | 2 | 1 | 1 | 6 |
| சிறிது | 3 | 2 | 3 | 2 | 10 |
| அற்பம் | 0 | 1 | 2 | 3 | 6 |
| மொத்தம் | 6 | 5 | 6 | 7 | 24 |

எல்லா வயதையும் கூட்டினால் 2480 நாள். 24-ஆல் வகுத்தால் 103. ஆனால் வயது வரிசையில் நிற்கவைத்து நடுவில் இருப்பவரைக் கேட்டால் அவர் சொல்வது 42 அரை நாள். சராசரிக்கும் நடுவருக்கும் ஏன் இவ்வளவு தூரம்? அற்பம் வரிசையில் 410 நாளும் 733 நாளும் ஆன இரண்டு கிழங்கள் உட்கார்ந்திருக்கின்றன. கூட்டுத்தொகையில் கிட்டத்தட்டப் பாதி அந்த இரண்டினுடையது.

கிழ பக் எவ்வளவு தூரம் சராசரியை இழுக்கும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. உபுண்டு இயங்குதளத்தின் டிராக்கரில் முதல் எண்ணாகப் பதிவான பக்கை எழுதியவர் அதன் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த். 2004 ஆகஸ்ட் 20-இல் அவர் பதிந்த புகார், சந்தையில் பெரும்பங்கு மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது என்பது! எந்தப் புரோகிராமரும் உட்கார்ந்து சரிசெய்ய முடியாத பக். 2013 மே 30-இல் அவரே அதை மூடினார். மூடும் நாளில் அதன் வயது 3205. அப்படி ஒன்றே ஒன்று நம் 24-உடன் சேர்ந்தால் சராசரி 103-லிருந்து 227-க்குத் தாவும். நடுவர் 47-க்குத்தான் நகர்வார். அதனால் நடுவர் மேல் என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. தொடக்கத்தில் சொன்ன இரண்டு வாரங்களுக்கும் நடுவரைக் கணக்கிட்டுப் பாருங்கள். நன்றாக உழைத்த வாரத்தில் நடுவர் 73-க்கு ஏறுகிறார். சும்மா இருந்த வாரத்தில் 14 அரைக்கு இறங்குகிறார். கிழங்களின் இழுப்புக்கு நடுவர் மசியமாட்டார். பிரசவத்துக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் சராசரியைவிட மோசமாகவே மசிவார்.

இப்படி ஆவதற்குக் காரணம் எளிது. திறந்திருப்பவற்றின் வயதை மட்டும் பார்க்கிறோம். மூடியவை கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றன. வந்தவுடன் மூடப்பட்ட பக்கின் பெருமை இந்த எண்ணில் எங்கும் பதியாது. அதனால் எந்த ஒற்றை வயது எண்ணைப் போட்டாலும், பக்கத்தில் ‘இந்த வாரம் வந்தவை இத்தனை, மூடியவை இத்தனை’ என்று இரண்டு எண் இல்லாமல் அதைப் படிக்கவே கூடாது. உழைத்த வாரம்: வந்தவை 0, மூடியவை 6. சும்மா இருந்த வாரம்: வந்தவை 12, மூடியவை 0. இதைப் பார்த்த பிறகு சராசரியால் யாரையும் ஏமாற்ற முடியாது.

நம் டீம் லீட் சராசரியை அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் போட்டார். அவர் கண் போனது அட்டவணையின் வலது மேல் மூலைக்கு. மிகக் கடுமை, 90 நாளுக்கு மேல்: ஒன்று. அந்தக் கட்டத்தில் எண்ணே இருக்கக்கூடாது. மிகக் கடுமையான பக் ஒன்று மூன்று மாதமாகத் திறந்திருக்கிறது என்றால் இரண்டில் ஒன்றுதான் உண்மை. அது மிகக் கடுமையானது இல்லை. அல்லது அதை யாரும் பார்க்கவில்லை. எது என்று அட்டவணை சொல்லாது. வரியைத் திறந்து படித்தே ஆகவேண்டும்.

அவர் திறந்தார். ஜனவரி 10-இல் பதிவானது, வயது 143. வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த மருந்தை மறுபடியும் ஸ்டாக்கில் ஏற்றும்போது, சில சமயம் அந்த பேட்சின் காலாவதித் தேதி காலியாகிவிடுகிறது. தேதி காலியாக இருந்தால் ‘காலாவதியானது, விற்காதே’ என்ற தடை வேலை செய்யாது. காலாவதியான மாத்திரை பில் ஆகிவிடும். கடுமை சரிதான், துளியும் மிகையில்லை.

பிறகு ஏன் கிடக்கிறது? நிலை: ‘வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.’ `Updated` பத்தியில் மே 28. அதாவது போன வாரம்தான் யாரோ தொட்டிருக்கிறார்கள். இந்தத் தேதிதான் பக்கைக் காப்பாற்றி வைத்திருந்தது. ‘அண்மையில் பார்க்கப்பட்டது’ என்று எல்லோரும் கடந்துபோனார்கள். வரலாற்றைப் பிரித்துப் பார்த்தால், மே 28-இல் நடந்தது ஒரு மொத்த மாற்றம். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு ஒரே சொடுக்கில் புது லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கும் `Updated` மாறும். மனிதர் ஒருவர் உண்மையில் கடைசியாக எழுதியது ஜனவரி 21-இல்.

சப்போர்ட்டில் இருக்கும் பையனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“தம்பி, இந்தத் திருப்பி வாங்குற கேஸ்ல கடைக்காரர் பதிலே சொல்லலையா?”

“சொல்லிட்டாருங்க அக்கா. ஜனவரியிலேயே ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாரு. நான்தான் கமென்ட்ல போட்டேன்.”

“அப்ப ஏன் இன்னும் ‘காத்திருக்கிறோம்’னு இருக்கு?”

“நிலைய மாத்துற உரிமை எனக்கு இல்லீங்களே. அதைப் பார்த்துக்கிட்டிருந்த அண்ணன் மார்ச்ல வேலைய விட்டுப் போயிட்டாரு.”

இவ்வளவுதான். பதில் வந்த பிறகும் காத்திருப்பு. ஆள் போன பிறகும் அவர் பெயர். இரண்டு சின்ன ஓட்டைகள் வழியே ஒரு மிகக் கடுமையான பக் 143 நாள் ஒழுகியிருக்கிறது. இதே போன்ற இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்க அவர் கோப்பில் இரண்டு சல்லடை போட்டார். பொறுப்பாளர் பத்தியில் இப்போது வேலையில் இல்லாதவர்களின் பெயர். நிலைப் பத்தியில் ‘காத்திருக்கிறோம்’. இரண்டிலும் சேர்த்து இன்னும் மூன்று வரிகள் அகப்பட்டன, மூன்றும் ‘சிறிது’ வகை.

அட்டவணையில் அதற்குக் கீழே இருப்பது 118 நாள் ஆன ‘பெரிது’. ஒரு குறிப்பிட்ட லேபிள் பிரிண்டரில் பார்கோடு வெட்டுப்படுகிறது. பிரிண்டர் கம்பெனியின் டிரைவர் திருத்தத்துக்காக நிற்கிறது. இதில் குழுவால் செய்யக்கூடியது குறைவு. காரணத்தையும் ஜூன் 30-இல் மறுபடி கேட்போம் என்பதையும் எழுதிவிட்டு நகர்ந்தார். காரணம் தெரிந்த கிழமும் காரணம் தெரியாத கிழமும் எண்ணில் ஒன்றாகத் தெரியும். அறிக்கையில் ஒரு வரி எழுதினால்தான் பிரியும்.

மிச்சமிருப்பவை அந்த இரண்டு அற்பக் கிழங்கள். 733 நாள் ஆனது 2023 மே 31-இல் பதிவானது: பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கோடு ஓர் எழுத்து தள்ளி விழுகிறது. இன்னொன்று திரையில் ஒரு பட்டனின் நிறம் சம்பந்தப்பட்டது. இரண்டையும் செய்யப்போவதில்லை என்று குழுவுக்கே தெரியும். சொல்லத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. ‘செய்யப்போவதில்லை’ என்ற தீர்வோடு, காரணம் எழுதி மூடினார்கள். இது நேர்மையான காரியம்தான். ஆனால் இதில்தான் மோசடிக்கும் இடம் இருக்கிறது. வயது எண்ணைக் குறைக்கச் சொல்லி நெருக்கினால், குழுக்கள் செய்யும் முதல் காரியம் பழையதை எல்லாம் மொத்தமாக மூடுவது. அடுத்தது, பழைய பக்கை மூடிவிட்டு அதையே புது எண்ணில் பதிவது. வயது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பக் அங்கேயேதான் இருக்கும். இதைப் பிடிக்க, புதுப் பதிவுகளில் பழைய எண்ணைச் சுட்டும் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மூடியவை எந்தத் தீர்வோடு மூடப்பட்டன என்று பிரித்து எண்ணினாலும் தெரிந்துவிடும்.

அந்த வாரம் 143 நாள் பக்கையும், இரண்டு நாள் வயதுள்ள மற்றொரு மிகக் கடுமையானதையும் சரிசெய்தார்கள். அற்பங்கள் இரண்டை மூடினார்கள். புதிதாக ஐந்து வந்தன. ஜூன் 9 காலை மொத்தம் 25. போன வாரத்தைவிட ஒன்று அதிகம். 84 நாளாக இருந்த அற்பம் ஒன்று, யாரும் எதுவும் செய்யாமலே 91 ஆகி, 90-க்கு மேல் என்ற பத்திக்குள் நுழைந்தது. கட்டங்களின் எல்லையில் இப்படி ஏறி இறங்குவது செய்தியே இல்லை. கூட்டத்தில் யாராவது அதைக் கேட்டு ஐந்து நிமிடம் வீணாகும், அவ்வளவே.

சராசரி வயது 103-லிருந்து 54 ஆனது. பாதிக்குப் பாதி! மேலே அனுப்பினால் பாராட்டு நிச்சயம். டீம் லீட் இன்னொரு தடவை கணக்குப் போட்டார். அற்பங்கள் இரண்டையும் மூடாமல் இருந்திருந்தால் சராசரி எவ்வளவு? 93. அட்டவணைக்குக் கீழே அவர் எழுதிய குறிப்பு இது: “சராசரி 103-லிருந்து 54. இதில் 93 வரை இறங்கியது வந்ததும் திருத்தியதும் சேர்ந்து. மிச்சம் 39 நாள், செய்யப்போவதில்லை என்று இரண்டை மூடியதால். மிகக் கடுமை வரிசையில் இன்று 90 நாளுக்கு மேல் எதுவும் இல்லை. ஜனவரியிலிருந்து எத்தனை கடைகளில் காலாவதித் தேதி காலியாகியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம், பட்டியல் புதன்கிழமை.”